9% ஃபிளாட், 15% ரெட்யூசிங்: இரண்டில் எது உண்மையில் மலிவு?

மாடிவீடு, திண்டுக்கல் | ஆகஸ்ட் 4, 2025, இரவு 9:40

மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்து படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம். ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்தாக வேண்டும். 2 லட்சம் கடன் கேட்டு இரண்டு இடத்தில் பேசினேன். இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் படத்தில் உள்ளதை மட்டும் தட்டச்சு செய்கிறேன்.

முதல் படம்: கடன் 2,00,000, 24 மாதம், வட்டி 9% ஃபிளாட், இஎம்ஐ 9,833, ப்ராசஸிங் கட்டணம் 1%.

இரண்டாவது படம்: கடன் 2,00,000, 24 மாதம், வட்டி 15% ரெட்யூசிங், இஎம்ஐ 9,697, ப்ராசஸிங் கட்டணம் 3%.

இரண்டு கட்டணத்துக்கும் மேலே 18% ஜிஎஸ்டி உண்டு. 9 எங்கே, 15 எங்கே, முதலாவதுதான் சரி என்று நினைத்திருந்தேன். ஆனால் 9 சதவீதக்காரரின் இஎம்ஐ 136 ரூபாய் அதிகமாக இருக்கிறது. அங்கேதான் இடிக்கிறது.

வேகக்கணக்கு | ஆகஸ்ட் 4, இரவு 10:05

சுலபம். ஃபிளாட் வட்டியை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உண்மையான வட்டி. 9 என்பது 18. அந்தப் பக்கம் 15. இரண்டாவதை எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

கரூர் மாமா | ஆகஸ்ட் 5, காலை 6:20

தம்பி, 9 சதவீதம் என்றால் மாதம் 75 பைசா வட்டி. நூற்றுக்கு முக்கால் ரூபாய். எங்கள் பக்கத்தில் தெரிந்தவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் ஒன்றரை வட்டி, இரண்டு வட்டி என்று போகிறது. 75 பைசாவுக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இதை ஏன் இரண்டால் பெருக்க வேண்டும்? 75 பைசா என்றால் 75 பைசாதான்.

மல்லி | ஆகஸ்ட் 5, காலை 8:15

இரண்டு இடத்திலும் விண்ணப்பித்துவிட்டீர்களா? ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சிபில் அறிக்கையில் ஒரு விசாரணை பதிவாகும். என் தங்கை ஒரே வாரத்தில் ஐந்து செயலிகளில் தட்டிப் பார்த்தாள், ஸ்கோர் இறங்கிவிட்டது. முதலில் அதைப் பாருங்கள்.

மாடிவீடு | ஆகஸ்ட் 5, காலை 8:50

மல்லி அக்கா, இன்னும் எங்கும் கையெழுத்துப் போடவில்லை, பான் எண்ணும் கொடுக்கவில்லை. விலை கேட்ட நிலைதான்.

மாமா சொன்னதைக் காலையிலிருந்து யோசிக்கிறேன். ஊரில் அப்பா ஒருவரிடம் 50,000 ரூபாய் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தார். மாதம் 500 கொடுப்பார். அசல் அப்படியே நின்றது, நெல் விற்றதும் மொத்தமாகத் திருப்பினார். அசல் முழுசும் அவர் கையில் இருந்தவரை முழு அசலுக்கு வட்டி. அது நியாயம். இஎம்ஐயில் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே திருப்புகிறோம்?

பேரேடு | ஆகஸ்ட் 5, மதியம் 1:30

கேள்விக்குள்ளேயே பதிலைத் தொட்டுவிட்டீர்கள். கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் 22 வருடம் இருந்தவன் நான். கரூர்க்காரர் சொல்வது அவருடைய ஏற்பாட்டுக்கு முழுக்கச் சரி. இங்கே ஏற்பாடே வேறு.

முதல் படத்தை மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். 2 லட்சத்துக்கு 9%, இரண்டு வருடம், வட்டி 36,000. அதை 24 ஆல் வகுத்தால் மாதம் 1,500. அசலில் மாதம் 8,333 திரும்புகிறது. முதல் மாதம் உங்கள் கையில் 2 லட்சம் இருக்கிறது, அதற்கு 1,500 வட்டி. சரி, இதுதான் மாமா சொன்ன 75 பைசா. பதின்மூன்றாம் மாதம் உங்களிடம் மிச்சம் இருப்பது 1 லட்சம். அப்போதும் 1,500. ஒன்றரை வட்டி ஆகிவிட்டது. கடைசி மாதம் உங்களிடம் இருப்பது வெறும் 8,333. அதற்கும் அதே 1,500. நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய், ஒரே மாதத்துக்கு. ஃபிளாட் என்பதன் உடம்பு இதுதான்.

வேகக்கணக்குக்கு: இரண்டால் பெருக்குவது திசையைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. 24 மாதம் 9% ஃபிளாட் என்பது ரெட்யூசிங் கணக்கில், அதாவது மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால், 16.4% வரும், 18 வராது. நெருக்கமான இரண்டு சலுகையை ஒப்பிடும்போது அந்த ஒன்றரைப் புள்ளி முடிவையே மாற்றும். இங்கே மாற்றத்தான் போகிறது. கட்டணத்தை யாரும் இன்னும் சேர்க்கவில்லை.

வேகக்கணக்கு | ஆகஸ்ட் 5, மதியம் 2:10

16.4 என்றாலும் 15ஐ விட அதிகம்தானே. கட்டணம் ஒரு தடவை போவது. அதை வட்டியோடு ஏன் குழப்ப வேண்டும்?

பேரேடு | ஆகஸ்ட் 5, மாலை 4:00

கட்டணத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கணக்கில் போடுவார்கள். நீங்கள் பயன்படுத்துவது குறைந்த தொகை, தவணை கட்டுவதோ முழுத் தொகைக்கு. அதனால் வட்டி விகிதத்தை மறந்துவிடுங்கள். மூன்று எண் போதும்: கையில் வருவது எவ்வளவு, மாதம் போவது எவ்வளவு, எத்தனை மாதம்.

முதலாவது: 2,000 கட்டணம், 360 ஜிஎஸ்டி. கையில் 1,97,640. இரண்டாவது: 6,000 கட்டணம், 1,080 ஜிஎஸ்டி. கையில் 1,92,920. கூகுள் ஷீட்டிலோ எக்செல்லிலோ இப்படிப் போடுங்கள்:

```
=RATE(24,-9833,197640)*12
=RATE(24,-9697,192920)*12
```

இஎம்ஐக்கு முன்னால் கழித்தல் குறி வேண்டும், இல்லாவிட்டால் பிழை காட்டும்.

மாடிவீடு | ஆகஸ்ட் 5, இரவு 9:15

போட்டேன். முதலாவது 17.6%, இரண்டாவது 18.7%. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அதாவது படத்தைப் பார்த்து முதலில் நினைத்ததும் முதலாவது, முடிவில் வந்ததும் முதலாவது. ஆனால் நான் நினைத்த காரணம் தப்பு. 9க்கும் 15க்கும் இடையே ஆறு புள்ளி மிச்சம் என்று நினைத்திருந்தேன், உள்ளே இருப்பது ஒரு புள்ளி. அதுவும் 3% கட்டணத்தால்தான்.

வேகக்கணக்கு | ஆகஸ்ட் 5, இரவு 9:50

சரி, கட்டணத்தைச் சேர்த்தால் திரும்பிவிடுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு ஃபார்முலா எதற்கு? கட்டணத்தையும் 24 தவணையையும் கூட்டினால் தெரிந்துவிடுமே. முதலாவது 36,000 வட்டியும் 2,360 கட்டணமும் சேர்ந்து 38,360. இரண்டாவது வட்டி சுமார் 32,730, கட்டணம் 7,080, மொத்தம் 39,810. வித்தியாசம் 1,450 ரூபாய்.

பேரேடு | ஆகஸ்ட் 6, காலை 7:00

இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. கடன் தொகையும் மாதங்களும் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கூட்டலே போதும். ஒன்று 24 மாதம், இன்னொன்று 36 மாதம் என்றால் கூட்டல் ஏமாற்றும். நீண்ட கடனில் மொத்த வட்டி அதிகமாகத் தெரியும், ஆனால் பணம் உங்களிடம் அதிக நாள் இருந்திருக்கும். அப்போது விகிதம்தான் பேசும்.

பல்லாவரம் பைக் | ஆகஸ்ட் 6, காலை 10:40

என் கதை. போன வருடம் வண்டிக் கடன். ஷோரூமில் உட்கார்ந்தபடியே வாங்கினேன். 7.5% என்றார்கள், சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபிளாட். முதல் தவணையை அன்றைக்கே முன்பணத்தோடு பிடித்துவிட்டார்கள், ஆவணக் கட்டணம் தனி. இதற்கும் அந்த ஃபார்முலா வருமா?

பேரேடு | ஆகஸ்ட் 6, பகல் 11:30

வரும். அன்றே பிடித்த தவணையை கையில் வந்த தொகையிலிருந்து கழித்துவிடுங்கள், மாதத்தில் ஒன்றைக் குறையுங்கள். 24 என்றால் 23. ஆவணக் கட்டணத்தையும் கழியுங்கள். முன்தவணை வாங்கும் கடனில் விகிதம் இன்னும் ஏறும்.

மாடிவீடு | ஆகஸ்ட் 7, இரவு 10:20

ஒரு புதுச் சிக்கல். முதல் நிறுவனத்து ஆளிடம் "என் கணக்கில் எவ்வளவு வரும், அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டேன். வந்த படத்தில் 1,94,140 என்று இருக்கிறது. என் கணக்கு 1,97,640. 3,500 குறைகிறது. போன் செய்தால், "அது கடன் பாதுகாப்புக் காப்பீடு சார், எல்லாருக்கும் போடுறதுதான்" என்றார். முதலில் அனுப்பிய படத்தில் காப்பீடு என்ற சொல்லே இல்லை. திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே நட்சத்திரக் குறி போட்டு, எறும்பு அளவு எழுத்தில், பிற கட்டணங்கள் பொருந்தும் என்று இருந்தது.

1,94,140ஐப் போட்டால் 19.5% வருகிறது. இப்போது இரண்டாவதுதான் மலிவு. மூன்று நாளில் மூன்று முறை மனம் மாறியிருக்கிறது. கோபமாக வருகிறது.

கரூர் மாமா | ஆகஸ்ட் 8, காலை 6:05

பெரியவர் விளக்கியது புரிந்தது தம்பி. கடைசி மாதம் எட்டாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றதும் பகீர் என்றது. என் மருமகன் டிவியும் ஃப்ரிட்ஜும் இப்படித்தான் வாங்கியிருக்கிறான், அவனிடம் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் காப்பீட்டை வட்டியில் சேர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். உயிருக்கு ஒன்று ஆனால் குடும்பத்துக்குக் கடன் சுமை வராது. அதற்குக் கொடுக்கும் காசு அது.

மாடிவீடு | ஆகஸ்ட் 8, காலை 7:30

மாமா, எனக்கு வேலையிடத்தில் குழுக் காப்பீடு இருக்கிறது, தனியாக டேர்ம் பாலிசியும் இருக்கிறது. நான் கேட்காத பொருளை என் பையில் போட்டுக் காசு பிடித்தால் அது எனக்குச் செலவுதான். கேட்டு வாங்கியிருந்தால் நீங்கள் சொல்வதை ஏற்பேன்.

பேரேடு | ஆகஸ்ட் 8, மதியம் 12:45

இதில் ரிசர்வ் வங்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 15 அன்று ஒரு சுற்றறிக்கை வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் தரும் புதிய சில்லறைத் தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் முக்கிய விவர அறிக்கை கொடுத்தாக வேண்டும். கேஎஃப்எஸ் என்பார்கள். அதில் ஆண்டுச் செலவு விகிதம், அதாவது ஏபிஆர், ஒரே எண்ணாக இருக்க வேண்டும். காப்பீடு போல மூன்றாம் ஆளுக்காக வசூலிப்பதும் அந்த ஏபிஆருக்குள் வரும். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு பிடிக்கக் கூடாது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும் உண்டு, தமிழில் கேட்கலாம்.

அதனால் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து வாதாடாதீர்கள். அது விளம்பரம். இரண்டு பேரிடமும் கேஎஃப்எஸ் கேளுங்கள். ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடன் என்றால் அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். இன்று மாலைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் போய்விடும் என்று அவசரப்படுத்தினால் அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

காப்பீடு கட்டாயமா, விருப்பமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் எல்லாமே கட்டாயம்தான்.

சென்னை எக்ஸ்எல் | ஆகஸ்ட் 9, இரவு 11:10

தாமதமாகப் படித்தேன். பேரேடு சொல்லும் எண் குறைவாக இருக்கிறது. நான் XIRR போட்டுப் பார்த்தேன், தேதிவாரியாக. காப்பீட்டோடு முதல் சலுகை 21.3% அருகே வருகிறது, இரண்டாவது 20.4% அருகே. 19.5, 18.7 என்பவை தவறு. உண்மையான ஆண்டுச் செலவு என்றால் XIRRதான்.

பேரேடு | ஆகஸ்ட் 10, காலை 7:20

இரண்டும் சரியான எண்கள், அளவுகோல் வேறு. RATE மாத விகிதத்தைத் தரும், அதை 12ஆல் பெருக்கினேன். XIRR அதையே கூட்டு வட்டியாக வருடத்துக்கு ஏற்றும். மாதம் 1.625% என்றால் பெருக்கினால் 19.5, கூட்டு வட்டியாகப் போட்டால் 21.3.

கேஎஃப்எஸ்ஸில் இருப்பது பெருக்கிய எண். ரிசர்வ் வங்கியின் இணைப்பிலேயே ஒரு மாதிரிக் கணக்கு இருக்கிறது: 20,000 கடன், 24 மாதம், 15% வட்டி, எல்லாக் கட்டணமும் சேர்ந்து 400, ஏபிஆர் 17.07%. அந்த 20,000 கடனை உங்கள் ஷீட்டில் போட்டுப் பாருங்கள், RATE முறையில் 17.07 வரும், XIRRஇல் வராது. ஒரு சலுகையை ஒரு முறையிலும் இன்னொன்றை மற்ற முறையிலும் ஒப்பிட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சென்னை எக்ஸ்எல் | ஆகஸ்ட் 10, காலை 9:00

போட்டேன், 17.07 வருகிறது. கேஎஃப்எஸ்ஸோடு ஒப்பிட உங்கள் முறைதான் பொருந்தும். ஆனால் செலவு என்று கேட்டால் நான் இன்னும் XIRR பக்கம்தான். மாதாமாதம் பணம் போகிறது, அதற்கும் மதிப்பு உண்டு.

மாடிவீடு | ஆகஸ்ட் 11, இரவு 8:30

இரண்டு கேஎஃப்எஸ்ஸும் வந்துவிட்டன. இரண்டாவது நிறுவனம்: ஏபிஆர் 18.7. அப்படியே நம் எண். முதல் நிறுவனம்: ஏபிஆர் 19.5, காப்பீடு தனி வரியில். ஸ்கிரீன்ஷாட்டில் 9 என்று பெரிதாக எழுதியவர்கள் இந்தத் தாளில் 19.5 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே கடன்.

காப்பீடு வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன்.

மாடிவீடு | ஆகஸ்ட் 13, மாலை 6:10

பதில் வந்தது. காப்பீட்டை எடுத்துவிடுகிறார்களாம், ஆனால் வட்டி 9.5% ஃபிளாட். "அரை பெர்சன்ட்தான் சார்" என்றார். புது இஎம்ஐ 9,917. கையில் 1,97,640. போட்டுப் பார்த்தேன்: 18.5%. இரண்டாவதற்கும் இதற்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை.

ஃபிளாட்டில் அரை என்பது இங்கே கிட்டத்தட்ட ஒரு புள்ளி. 17.6 இருந்தது 18.5 ஆயிற்று. ஆகஸ்ட் 5ஆம் தேதிக்கு முன் இதே வார்த்தையைக் கேட்டிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பேன்.

வேகக்கணக்கு | ஆகஸ்ட் 13, இரவு 7:00

0.2 புள்ளிக்கு மண்டையை உடைக்க வேண்டாம். எந்த அலுவலகம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே வாங்குங்கள்.

பேரேடு | ஆகஸ்ட் 13, இரவு 9:30

கடனை 24 மாதமும் ஓட்டப்போகிறீர்களா?

மாடிவீடு | ஆகஸ்ட் 13, இரவு 9:45

இல்லை. அடுத்த ஆகஸ்டில் எனக்கு ஒரு சீட்டு முடிகிறது. அதை வைத்து 12 தவணையில் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ?

பேரேடு | ஆகஸ்ட் 14, காலை 6:50

கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். ஏபிஆர் என்பது கடன் முழு காலமும் ஓடும் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. பாதியில் அடைத்தால் முன்னால் பிடித்த கட்டணம் 24 மாதத்துக்குப் பதில் 12 மாதத்தில் பரவும். 3% கட்டணம் வாங்கியவர் பக்கம்தான் அது அதிகமாகக் கடிக்கும். அதோடு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வேறு. இரண்டு தாளிலும் அது எவ்வளவு? 12ஆம் தவணைக்குப் பிறகு நிலுவை எவ்வளவு என்று தவணை அட்டவணையிலிருந்து எழுதுங்கள். கேஎஃப்எஸ்ஸோடு அந்த அட்டவணையும் தர வேண்டும்.

மாடிவீடு | ஆகஸ்ட் 14, இரவு 10:30

இரண்டாவது: 12க்குப் பிறகு நிலுவை 1,07,440, அடைப்புக் கட்டணம் 4%, மேலே ஜிஎஸ்டி. முதலாவது: நிலுவை 1,08,565, கட்டணம் 2%, மேலே ஜிஎஸ்டி.

முதலாவதின் நிலுவையைப் பார்த்து இன்னொரு சந்தேகம் வந்தது. ஃபிளாட் என்றால் பாதிக் காலத்தில் அசல் சரிபாதி, 1 லட்சம்தானே மிச்சம் இருக்க வேண்டும்? கேட்டேன். அட்டவணை ரெட்யூசிங் முறையில்தான் போடுவார்களாம். ஆக, வட்டி சொல்லும்போது ஃபிளாட், அடைக்கப் போகும்போது ரெட்யூசிங். 8,565 ரூபாய் அந்த இடைவெளியில் நிற்கிறது.

கடைசித் தவணையோடு நிலுவையும் கட்டணமும் சேர்த்து RATEஇல் நான்காவது இடத்தில் போட்டேன்:

```
=RATE(12,-9917,197640,-111127)*12
=RATE(12,-9697,192920,-112511)*12
```

முதலாவது 20.4%. இரண்டாவது 22.8%.

பேரேடு | ஆகஸ்ட் 15, காலை 8:00

சரியாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த 8,565 பற்றி உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஆனால் அட்டவணையில் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். வெறும் வாய்க்கணக்கில் ஃபிளாட் கடன் கொடுக்கும் இடங்களில் மீதி மாத வட்டியையும் சேர்த்துக் கேட்பார்கள், அதற்கு இது மேல்.

கரூர் மாமா | ஆகஸ்ட் 15, காலை 9:10

சீட்டை இப்போதே தள்ளி எடுத்தால் என்ன? கழிவு எவ்வளவு போகும்?

மாடிவீடு | ஆகஸ்ட் 15, காலை 9:40

நல்ல கேள்வி மாமா. 2 லட்சச் சீட்டு, இன்னும் 12 மாதம் மிச்சம். போன மாதம் 21,000 தள்ளி எடுத்தார்கள். இந்த மாத ஏலம் ஞாயிற்றுக்கிழமை. கழிவைக் கட்டணம் போலவும், கட்ட வேண்டிய மிச்சச் சீட்டுப் பணத்தைத் தவணை போலவும் வைத்து அதே ஃபார்முலாவில் போட முடியுமா என்று பார்க்கிறேன். ஆனால் மாதாமாதம் வரும் கழிவுப் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாதே, அதை எப்படி வைப்பது?

கொத்தனாரிடம் திங்கள் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பேரேடு | ஆகஸ்ட் 15, பகல் 12:20

போன ஆறு ஏலத்தின் கழிவுப் பங்கை எழுதுங்கள். கூடுதல் ஒன்று, குறைவு ஒன்று என்று இரண்டு கணக்காகப் போடுவோம்.